பாடம் 5: அடி கரைந்த மண்சுவரைத் திருத்துதலும் ஏற்ற பூச்சைத் தெரிவு செய்தலும்

நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் வளவில் மண்சுவர்கள் இன்னும் நிற்கக்கூடும். கூரை போயிருக்கும், சுவரின் உச்சி மழையில் வழிந்திருக்கும், நிலத்தோடு ஒட்டிய அடிப்பகுதி உள்நோக்கிக் குழி விழுந்திருக்கும். இப்படிப்பட்ட சுவர்கள் எல்லாவற்றையும் இடிக்க வேண்டியதில்லை. எந்தச் சுவரைத் திருத்தலாம், அடியை எப்படி நிரப்புவது, அதன்மேல் எதைப் பூசுவது என்பவற்றை இந்தப் பாடம் விளக்குகிறது. மண்கல்லால் கட்டிய சுவரை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

வேலை தொடங்குமுன்

கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியில் மட்டுமே மண் வெட்டுங்கள். குளக்கட்டு, பழைய பதுங்குகுழி, பற்றை மூடிய மண்மேடு ஆகியவற்றில் மண் எடுக்க வேண்டாம். இடிந்த சுவரின் குவியலுக்குள் இரும்புத் துண்டோ அறிமுகமில்லாத பொருளோ தென்பட்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். வீட்டுச் சேதம் இன்னும் பதியப்படவில்லை என்றால், சுவரில் கை வைக்குமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தலாமா, இடிக்கலாமா?

ஒரு நூலில் கல்லைக் கட்டிச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். சுவர் ஒரு பக்கம் சரிந்திருந்தால், அல்லது உச்சியிலிருந்து அடிவரை ஊடறுத்து வெடித்திருந்தால், தொழில்நுட்ப அலுவலரிடம் காட்டாமல் அதைத் தொட வேண்டாம். பிள்ளைகளையும் அதன் அருகே விடாதீர்கள்.

சுவர் நேராக நின்றால் அடியில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கரைந்திருந்தால் நீங்களே திருத்தலாம். 9 அங்குலச் சுவர் என்றால் 3 அங்குலம் வரை. அதற்குமேல் போயிருந்தால் சுவரின் பாரம் தாங்க இடம் போதாது. முட்டுக் கொடுத்து, அனுபவமுள்ள மேசனைக் கொண்டுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சுவர் ஏன் அடியில் கரைகிறது?

காரணத்தை அறியாமல் நிரப்பினால் அடுத்த மாரியில் அதே இடம் மறுபடி கரையும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, தெறிப்பு. கூரையிலிருந்து விழும் நீர் நிலத்தில் பட்டுச் சுவரில் தெறிக்கும். இது ஏறக்குறைய ஓர் அடி உயரம் வரை சுவரை அரிக்கும். கோடையில் அந்த இடம் காய்ந்தே இருக்கும். மழைக்காற்று அடிக்கும் வாடைப் பக்கத்தில் இது அதிகம்.

இரண்டாவது, நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மழை விட்டு நாளாகியும் அடிப்பகுதி கருமையாக, குளிர்ச்சியாக இருக்கும். சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சுவரருகே மண் மேடாகச் சேர்ந்து நீர் வெளியேற வழியில்லாமல் இருப்பது இதற்கு முக்கிய காரணம். பல வருடங்கள் ஆட்கள் இல்லாத வளவில் இப்படி மண் சேர்ந்திருப்பது வழமை.

எனவே முதல் வேலை மண்வெட்டியோடுதான். சுவரைச் சுற்றிச் சேர்ந்த மண்ணை, அத்திவாரத்தின் தலை தெரியும்வரை அகற்றுங்கள். அத்திவாரத்துக்குக் கீழே தோண்ட வேண்டாம். நிலம் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரியட்டும். கூரை நீர் விழும் கோட்டில் ஒரு சாண் அகலத்துக்குச் சிறு கல்லோ உடைந்த ஓடோ பரப்பினால் தெறிப்புக் குறையும். கூரை போடும்போது தாழ்வாரம் சுவரிலிருந்து குறைந்தது 2 அடி வெளியே நீளட்டும். சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தளம் போடுவதைத் தவிருங்கள். தளத்தின் கீழ் அடைபட்ட ஈரம் சுவர் வழியாகவே மேலேறும்.

ஒரு சுவரைத் திருத்துவோம்

12 அடி நீளமும் 9 அங்குலத் தடிப்பும் உள்ள சுவர் ஒன்று. அடியில் ஓர் அடி உயரத்துக்கு, இரண்டரை அங்குல ஆழத்தில் கரைந்திருக்கிறது. காரணம் தெறிப்பு.

பலர் செய்வது குழிக்குள் ஈரமண்ணை அள்ளி அப்புவதுதான். ஈரமண் காயும்போது சுருங்கும். பழைய சுவர் சுருங்காது. ஆகவே அப்பிய மண் விலகி, முதல் மழையிலே தகடாக விழும். இதைத் தவிர்க்க, முன்னரே காய்ந்து சுருங்கி முடிந்த சிறு மண்கற்களை வைத்து நிரப்ப வேண்டும்.

சுவரிலிருந்து விழுந்த மண்ணே இதற்கு மிகப் பொருத்தம். உப்புப் பூத்த மண்ணை மட்டும் விலக்கிவிடுங்கள். போதாவிட்டால் மேல்மண்ணை ஓர் அடி வரை நீக்கிவிட்டுக் கீழ் மண்ணை எடுங்கள். மேல்மண்ணில் உள்ள வேரும் இலைக்குப்பையும் பின்னர் உக்கிப் பொந்தாகும். களப்பருகே உள்ள உவர் மண்ணும் உவர் நீரும் வேண்டாம்.

மண்ணை நீர் விட்டு மிதித்து, விரல் நீளம் வெட்டிய வைக்கோல் சேர்த்து ஓர் இரவு ஊறவிடுங்கள். பின் பலகை அச்சில் 11½ அங்குல நீளம், 3 அங்குல உயரம், 2½ அங்குலத் தடிப்பில் 40 கற்கள் அறுங்கள். 36 கல் தேவைப்படும், மிகுதி உடைவுக்கு. நிழலில் மூன்று நாள் படுக்கையாகக் காயவிட்டுப் பிறகு நிமிர்த்தி வையுங்கள். ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். நடுவில் கருமை இருந்தால் இன்னும் காயவில்லை. மூன்று நான்கு கிழமை எடுக்கலாம்.

இனிச் சுவர். 12 அடியையும் ஒரே தடவையில் வெட்டினால் மேலே உள்ள பாரம் இறங்கும். ஆகவே 2 அடி வீதம் ஆறு துண்டுகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 1, 3, 5 ஆம் துண்டுகள் மட்டும். கரைந்த மண்ணைச் சுரண்டி, உறுதியான மண் தெரியும்வரை 3 அங்குல ஆழத்துக்குச் சதுரமாக வெட்டுங்கள். கல் உட்காரும் தளம் உள்நோக்கிச் சற்றுச் சரிந்திருந்தால் கல் வெளியே தள்ளாது. பின்புறத்தைக் கீறிவிட்டு, தூசு தட்டி, நீர் தெளித்து ஈரமாக்குங்கள். வழிந்தோடும் அளவுக்கு வேண்டாம்.

பிறகு அதே மண்ணைச் சாந்தாகக் குழைத்து, அடியிலும் பின்னாலும் அரை அங்குலம் இட்டுக் கற்களை மூன்று வரிசை வையுங்கள். ஒரு வரிசைக்கு இரண்டு கல். நடு வரிசையில் ஒரு கல்லைப் பாதியாக வெட்டி வைத்தால் மூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வராது. உச்சியில் ஒன்றரை அங்குலம் இடைவெளி மிஞ்சும். அதுதான் பாரத்தைத் தாங்கப்போகிற இடம். கையில் பிடித்தால் உருண்டையாகும், ஆனால் ஒட்டாது என்ற பதத்தில் மண்ணை நனைத்து, ஒரு தடியால் இறுக இடித்து அடையுங்கள். ஒரு கிழமை காயவிட்டு 2, 4, 6 ஆம் துண்டுகளைச் செய்யுங்கள்.

மேலே எதைப் பூசுவது?

சீமெந்து உறுதியானது, ஆகவே அதையே பூசலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மண்சுவருக்கு அது பொருந்தாது. மண்சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சீமெந்துப் பூச்சு இறுகியது, அந்த ஈரத்தை வெளியே விடாது. சுவர் அசையும்போது பூச்சில் மயிர்வெடிப்பு விழும், அதனூடே மழை உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழியில்லை. பூச்சு வெளியே நல்லபடி தெரிய, பின்னால் சுவர் சேறாகும். உங்கள் சுவரில் பழைய சீமெந்துப் பூச்சு இருந்தால் விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தை மெதுவாக அகற்றிவிடுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பகுதியை அடித்துப் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து வரும், அதை விட்டுவிடலாம்.

ஏற்றது மண்சாணிப் பூச்சு. கலவையின் அளவு உங்கள் மண்ணைப் பொறுத்தது, ஆகவே முதலில் சுவரில் ஓர் அடிச் சதுரமாக மூன்று மாதிரி பூசிப் பாருங்கள். முதலாவதில் ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதில் மூன்று பங்கு. ஒவ்வொன்றிலும் ஐந்து பங்கு கலவைக்கு ஒரு பங்கு புதுச்சாணி சேருங்கள்.

ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். நகம் நுழையும் அளவு வெடித்திருந்தால் களி கூடிவிட்டது, மணல் வேண்டும். உள்ளங்கையால் தேய்க்க மணல் உதிர்ந்தால் களி போதாது. கடைசியாக ஒரு குவளை நீரை வீசிப் பாருங்கள். குறைவாக அரிபடும் மாதிரியே உங்கள் கலவை.

பூசும்போது சுவரை ஈரமாக்கி, முதற்பூச்சை அரை அங்குலத்துக்கு மேற்படாமல் இடுங்கள். அது காயுமுன் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கால் அங்குல இரண்டாம் பூச்சு. இதற்கு அரித்த மண்ணைப் பயன்படுத்துங்கள்.

மழைக்காற்று நேரே படும் சுவருக்கு மண்சாணிப் பூச்சின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பு நீரைத் தடுத்தாலும் ஆவியை விடும். நீர்த்த சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, ஈரச்சுவரில் மெல்லிதாக நான்கைந்து தடவை அடியுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் இடைவெளி. தடிப்பாக அடித்தால் பொருக்காக உரியும். நீறாத சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், ஆகவே பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். உடனே நல்ல நீரால் பல நிமிடங்கள் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எப்போது செய்வது?

வடக்கு, கிழக்கில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கும். கல் காய ஒரு மாதமும், சுவரடி நிரப்பிக் காய இரண்டு மூன்று கிழமையும், பூச்சுக்கு இன்னுமொரு மாதமும் வேண்டும். எனவே ஜூன் அல்லது ஜூலையில் கல் அறுக்கத் தொடங்குங்கள். பிந்திவிட்டால் இந்த வருடம் வாய்க்காலையும் கூரையையும் சரிசெய்து, கரைந்த பகுதியைக் கிடுகுத் தட்டியால் மறைத்து மழையைக் கடத்துங்கள். ஈரச்சுவரில் அவசரமாகப் பூசிய பூச்சு நிலைக்காது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும், தையில், சுவரடியைச் சுற்றி நடந்து பாருங்கள். பூச்சு தேய்ந்த இடம் தெரிந்தால் கோடையில் அந்த இடத்தை மட்டும் மீண்டும் பூசினால் போதும். கறையான் புற்று ஏறியிருந்தால் அதையும் அப்போதே சுரண்டி அகற்றிவிடுங்கள்.