கடன் பாதி, பங்கு பாதி

நிறுவனத்திற்கு முதலீடு தருபவர் கடன் கொடுத்தவராகவோ பங்குதாரராகவோ இருப்பார். இவ்விரு நிலைகளும் கலந்த இரண்டு முதலீடுகளை இங்குக் காண்போம்.

முன்னுரிமைப் பங்கிற்கு, வட்டியைப் போலவே, குறித்த விகிதத்தில் ஈவுத்தொகை உண்டு. சாதாரணப் பங்குதாரருக்கு வழங்கும் முன்பே இது வழங்கப்பட வேண்டும். ஆயினும் இது கடனன்று. அறிவிக்கப்படாத ஈவுத்தொகையை வட்டி பாக்கியைப் போல் வசூலிக்க இயலாது. இதற்கு ஈடாக, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 47ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. ஈராண்டுகளோ அதற்கு மேலோ ஈவுத்தொகை தரப்படாவிடில், எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிக்கும் உரிமை இவர்களுக்குக் கிடைக்கிறது.

மாற்றத்தக்க கடன் பத்திரமோ கடனாகத் தொடங்கிப் பங்காக மாறக்கூடியது. ரூ.1,000 பத்திரத்தை, முதிர்வின்போது விரும்பினால் 10 பங்குகளாக மாற்றலாம் எனக் கொள்வோம். பங்கின் விலை ரூ.130 எனில், மாற்றினால் நம் கையில் இருப்பது ரூ.1,300. விலை ரூ.70 எனில், மாற்றாமல் அசல் ரூ.1,000ஐயே கேட்டுப் பெறலாம். இவ்வுரிமைக்கு நாம் தரும் விலையே குறைந்த வட்டி.

ஒன்றை மட்டும் ஆவணத்தில் தேடிப் படிக்க வேண்டும். 'கட்டாயமாக மாற்றப்படும்' என்றிருந்தால், விலை ரூ.70 ஆனாலும் பங்குகளே கிடைக்கும், ரூ.300 இழப்பு நம்முடையதே. நிறுவனம் நொடித்தால், அசலைக் கேட்கும் உரிமையும் ஏட்டளவில் நின்றுவிடலாம்.