90 டிகிரியில் என்ன சொல்கிறது? சாய்தளச் சூத்திரங்கள் பற்றிய மூன்று நம்பிக்கைகள்

நம்பிக்கை: அலகு சரியாக வந்துவிட்டால் சூத்திரமும் சரி.

உராய்வில்லாத சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்குகிறது. அதன் முடுக்கம் g sinθ. விடைத்தாள்களில் இதே கணக்குக்கு g cosθ என்ற விடையும் அடிக்கடி வரும். பரிமாண ஆய்வு செய்து பார்த்தால் இரண்டுமே தேறிவிடும். சைனுக்கும் கொசைனுக்கும் அலகே கிடையாது என்பதால், அவை இடம் மாறியிருப்பது அலகுக்குத் தெரியாது. முன்னால் 2 என்ற எண் தவறாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது.

கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தளம் இப்போது மேசைப் பரப்பு. அதன்மேல் வைத்த கட்டை தானாக நகராது. g cosθ என்ற சூத்திரமோ, கட்டை g முடுக்கத்தில் பாய்ந்து ஓடும் என்கிறது. கோணத்தை 90 டிகிரியாக்கினால் தளம் சுவராகிவிடும், கட்டை தடையின்றிக் கீழே விழவேண்டும். சூத்திரம் அது அந்தரத்தில் நிற்கும் என்கிறது. இரண்டு முனையிலும் தப்பு.

இதில் முறை முக்கியம். முதலில் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு, அந்தக் கோணத்தில் என்ன நடக்கும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரதியிட வேண்டும். வரிசையை மாற்றினால், வந்த விடைக்கு ஏற்றபடி ஒரு காரணத்தை மனம் சொல்லிவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. சில நூல்கள் கோணத்தைத் தரையிலிருந்து அளக்காமல் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கும். அங்கே g cosθ என்பதே சரியான விடை. சைனா, கொசைனா என்று மனப்பாடத்தை நம்புகிறவர் அங்கே தடுக்கி விழுவார். கோணம் சுழியாகும்போது தளம் எப்படிக் கிடக்கிறது என்று படத்தைப் பார்க்கிறவருக்கு அந்தச் சிக்கலே வராது.

நம்பிக்கை: சுழியிலும் 90 டிகிரியிலும் தேறிவிட்டால் சூத்திரத்தை நம்பலாம்.

முதல் நம்பிக்கையைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் சோதித்துப் பார்த்தோம் என்ற நிம்மதியோடு சேர்ந்து வருகிறது. g sin²θ என்று ஒருவர் எழுதினால் அதுவும் சுழியில் சுழி தரும், 90 டிகிரியில் g தரும். இரண்டு முனையிலும் தேறுகிற தவறான சூத்திரங்கள் எத்தனை வேண்டுமானாலும் உண்டு. எல்லை நிலைச் சோதனையால் ஒரு சூத்திரத்தைத் தள்ள முடியும். தேறிய சூத்திரத்துக்கு அது சான்றிதழ் தருவதில்லை.

இதை நன்றாகக் காட்டுவது ஓர் ஆப்புக் கணக்கு. M நிறையுள்ள ஆப்பு, வழவழப்பான தரைமேல் தாராளமாக நகரக்கூடியது. அதன் சாய்ந்த முகத்தில் m நிறையுள்ள கட்டை, அங்கும் உராய்வில்லை. கட்டை சறுக்கி இறங்கும்போது ஆப்பைப் பின்னால் தள்ளுகிறது. ஆப்பின் முடுக்கம் A எவ்வளவு?

பெரும்பாலோர் போகும் வழி இது. கட்டைக்கும் ஆப்புக்கும் இடையிலான செங்குத்து விசை mg cosθ. அதன் கிடைக்கூறு mg cosθ sinθ. ஆப்பின் நிறையால் வகுத்தால்:

```
A = m g sinθ cosθ / M
```

சோதிப்போம். கோணம் சுழி என்றால் கட்டை சறுக்காது, ஆப்பும் அசையாது. சூத்திரம் சுழி தருகிறது. கோணம் 90 டிகிரி என்றால் கட்டை ஆப்பைத் தொட்டபடி விழும், அதை அழுத்தாது. இங்கும் சுழி. ஆப்பு மலைபோல் கனமாக இருந்தால் நகரவே கூடாது. M மிகப் பெரிதானால் சூத்திரமும் சுழியை நோக்கிப் போகிறது. அலகு சரி. நான்கு சோதனையிலும் தேறிவிட்டது. ஆனால் சூத்திரம் தவறு.

இதுவரை கேட்காத ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆப்பு மிக இலேசாகவும் கட்டை மிகக் கனமாகவும் இருந்தால்? கடுதாசி ஆப்பின்மேல் இரும்புக் கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். சூத்திரத்தை மூடிவைத்து யோசிப்போம். ஆப்புக்கு நிறையே இல்லாததுபோல் இருப்பதால் கட்டையைத் தாங்க அதனால் முடியாது. கட்டை கிட்டத்தட்ட நேராக, g முடுக்கத்தில் விழும். அது h உயரம் இறங்குவதற்குள், இடம் கொடுக்க ஆப்பு h cotθ தூரம் விலகியாக வேண்டும். ஆகவே ஆப்பின் முடுக்கம் g cotθ அளவில் நிற்க வேண்டும். அதற்கு மேல் போகவும் முடியாது. போனால் ஆப்பு கட்டையை விட்டு விலகிவிடும், விலகிய பிறகு அதைத் தள்ள யாருமில்லை.

கோணம் 30 டிகிரி, கட்டை ஆப்பைப்போல் 100 மடங்கு கனம் என்று எண்களைப் போடுங்கள். மேலே உள்ள உச்சவரம்பு நொடிக்கு நொடி ஏறத்தாழ 17 மீட்டர். நமது சூத்திரம் தருவது 424 மீட்டர். இரண்டு நிறையும் சமமாக இருந்திருந்தால் அது 4.24 என்று சொல்லியிருக்கும். சரியான விடை 3.39. அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால்கூட எது தப்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிறை விகிதத்தை ஓரத்துக்குத் தள்ளியதும்தான் தப்பு வெளியே வந்தது.

தப்பு எந்த வரியில் என்பதையும் அதே எல்லை காட்டிக்கொடுக்கிறது. இலேசான ஆப்பு கட்டையைத் தாங்காது என்றோம். அப்படியானால் செங்குத்து விசை சுழியை நெருங்க வேண்டும். நாம் எழுதிய mg cosθ என்பதில் M இல்லவே இல்லை, ஆகவே ஆப்பு எவ்வளவு இலேசானாலும் அது மாறாது. நிலையான சாய்தளத்துக்குப் பொருந்தும் அந்த விசையை நகரும் தளத்துக்கு அப்படியே கொண்டுவந்ததுதான் பிழை. கட்டையை அழுத்தும் தளமே பின்வாங்கும்போது அழுத்தம் குறையும்.

செங்குத்து விசை N-ஐத் தெரியாத ஒன்றாக வைத்துக்கொண்டு, கட்டை ஆப்பின் முகத்தை விட்டு விலகாது என்ற நிபந்தனையையும் சேர்த்தால் இப்படி வரும்:

```
A = m g sinθ cosθ / (M + m sin²θ)
N = M m g cosθ / (M + m sin²θ)
```

M சுழியை நெருங்கும்போது A என்பது g cotθ ஆகிறது, N மறைந்துபோகிறது. M மிகப் பெரிதாகும்போது N பழையபடி mg cosθ ஆகிறது. இந்தக் கணக்கில் கோணம் ஒரு மாறி, நிறை விகிதம் இன்னொரு மாறி. கோணத்தின் இரு முனையை மட்டும் பார்த்தவர் பாதி எல்லைகளைத்தான் பார்த்திருக்கிறார்.

நம்பிக்கை: 90 டிகிரியில் தேறாத சூத்திரம் தவறானது.

திண்மமான கோளம் ஒன்று சாய்தளத்தில் நழுவாமல் உருண்டு இறங்கினால் அதன் முடுக்கம் (5/7) g sinθ. எல்லாப் பாடநூலிலும் உள்ளது. கோணத்தை 90 டிகிரியாக்குங்கள், (5/7) g வருகிறது. சுவரோரம் கைவிட்ட பந்து g முடுக்கத்தில் அல்லவா விழும்? சோதனையில் கற்றுக்கொண்டதை நேர்மையாகப் பயன்படுத்துகிற மாணவர் இந்தச் சூத்திரத்தை அடித்துவிடுவார்.

அடிக்க வேண்டாம். கணக்குத் தொடங்கிய இடத்துக்குப் போவோம். ‘நழுவாமல்’ என்று ஒரு சொல் அங்கே இருந்தது. கோளத்தைச் சுழல வைப்பது உராய்வு விசை. நழுவாமல் உருள அது (2/7) mg sinθ அளவு தேவை. தளம் தரக்கூடிய உராய்வோ μ mg cosθ அளவுக்குத்தான் உண்டு. கோணம் ஏற ஏறத் தேவை கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகும்:

```
tanθ = (7/2) μ
```

உராய்வுக் குணகம் 0.3 என்றால் அந்தக் கோணம் ஏறத்தாழ 46.4 டிகிரி. அதற்கு மேல் கோளம் உருண்டாலும் நழுவிக்கொண்டேதான் இறங்கும், 5/7 அங்கே செல்லாது. 90 டிகிரியில் தளம் கோளத்தை அழுத்தவே இல்லை, ஆகவே உராய்வும் இல்லை. நாம் சோதித்த எல்லை, சூத்திரம் ஆளும் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. முரண்பாடு வந்தது நல்லதே. நழுவாமல் என்ற நிபந்தனை எதுவரை தாங்கும் என்று கேட்க வைத்தது அதுதான்.

உராய்வுள்ள தளத்தில் கட்டைக்கு எழுதும் g (sinθ − μ cosθ) என்ற சூத்திரத்திலும் இதே கதை, இந்த முறை மறுமுனையில். கோணம் சுழியானால் −μg வருகிறது, சும்மா இருக்கும் கட்டை மேட்டுப் பக்கம் ஓடும் என்பதுபோல. கட்டை ஏற்கெனவே கீழ்நோக்கிச் சறுக்குகிறது என்று வைத்துத்தான் உராய்வின் திசையை எழுதினோம். சறுக்கும் கட்டைக்கு அந்த −μg சரியான விடை, அது வேகம் குறைந்து நிற்பதைச் சொல்கிறது. ஓய்வில் இருக்கும் கட்டைக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது.

கோளத்துக்குத் திரும்பினால், நழுவல் தொடங்கிய பிறகு அதன் மையத்தின் முடுக்கமும் g (sinθ − μ cosθ) தான். 90 டிகிரியில் இது g தருகிறது, சுவரோரம் விழும் பந்தின் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் இப்போது இரண்டு சூத்திரங்கள் கையில் இருப்பதால் இன்னொரு சோதனை தேவைப்படுகிறது. நழுவாதபோதும் நழுவும்போதும் உராய்வுக் குணகம் ஒரே μ என்று கொண்டிருப்பதால், உருளல் முடிந்து நழுவல் தொடங்கும் கோணத்தில் இரண்டும் ஒரே விடை தர வேண்டும். கோணத்தைக் கடுகளவு கூட்டியதால் முடுக்கம் திடீரென்று தாவக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் கோணத்தில் μ என்பது (2/7) tanθ. அதை இரண்டாவது சூத்திரத்தில் போட்டால் μ cosθ என்பது (2/7) sinθ ஆகிறது. sinθ இலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் (5/7) sinθ.