வாய்ப்புண்ணும் வகுப்பறையும்

2022 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், கேரள மாநிலத்தின் கொல்லம் மாவட்டத்தில் சிறு குழந்தைகளிடையே காய்ச்சல் ஒன்று கண்டறியப்பட்டது. காய்ச்சலோடு உடலில் சிவந்த கொப்புளங்கள் தோன்றிப் பருத்தமையால், மக்கள் அதனைத் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று அழைத்தனர். ஜூலை 26 ஆம் நாள் வரை, அம்மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 82 குழந்தைகளுக்கு இந்நோய் இருப்பதாகப் பதிவாயிற்று. நோய் கண்ட இடங்களுள் ஒன்றான ஆரியங்காவு, நம் செங்கோட்டையை அடுத்துள்ள மலையூர் ஆகும். ஆகவே, தமிழ்நாட்டிலும் இந்நோய் குறித்த அச்சம் எழுந்தது. கோவையை அடுத்த வாளையாற்றில், எல்லை கடந்து வந்த குழந்தைகளுக்குக் காய்ச்சலும் கொப்புளமும் உள்ளனவா என்று நலவாழ்வுத் துறையினர் பார்த்தனர்.

பெயரைக் கேட்டோர், தக்காளி உண்பதால் இந்நோய் வருமோ என்று ஐயுறலாம். தக்காளிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவ்வாண்டில் கேரளத்திற்கு வந்து இங்கிலாந்து திரும்பிய குழந்தைகள் இருவருக்கு இத்தகைய கொப்புளங்கள் தோன்றின. அவற்றை ஆய்வு செய்தபோது, காக்சாக்கி ஏ16 என்னும் வைரஸ் காணப்பட்டது. அது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த ‘கை, கால், வாய் நோயை’ உண்டாக்கும் வைரஸ் ஆகும். காக்சாக்கி என்பது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிற்றூரின் பெயர். இவ்வகை வைரஸ் முதன்முதலில் அவ்வூர்க் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது.

பெயரால் வரும் மயக்கம்

மாடுகளுக்கு வரும் கோமாரி நோயிலும் வாயிலும் குளம்பிலும் புண்கள் தோன்றும். ஆயினும் அது வேறு வைரஸால் வருவது. மாட்டிடமிருந்து நமக்குக் கை, கால், வாய் நோய் வருவதில்லை. நம்மிடமிருந்து மாட்டிற்கும் செல்வதில்லை.

மற்றொரு மயக்கம் அம்மையால் வருவது. கொப்புளத்தைக் கண்டவுடன் நம் பாட்டிமார் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்பர். ஹைதராபாதில் தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் ‘அம்மவாரு’ என்பர். கொப்புளம் எங்கே தோன்றுகிறது என்பதைக் கொண்டு இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். சின்னம்மைக் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் முகத்திலும் மிகுந்து, கடும் அரிப்பைத் தரும். கை, கால், வாய் நோயிலோ உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம் ஆகிய இடங்களில் கொப்புளங்கள் தோன்றும். முழங்காலிலும் பிட்டத்திலும் சிலருக்குத் தோன்றுவதுண்டு. ஐயம் இருப்பின் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

ஒரு வீட்டில் நிகழ்வது

ஹைதராபாதில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் எடை 20 கிலோ. வீட்டில் ஒன்றரை வயதுத் தங்கை இருக்கிறாள். மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அவனுக்குக் காய்ச்சல் வருகிறது, தொண்டை வலிக்கிறது. புதன்கிழமை அவன் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. அவை கொப்புளங்களாகி உடைந்து புண்களாகின்றன. உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள் எழுகின்றன. வியாழக்கிழமை காலை, அம்மா தந்த இட்லியையும் காரச் சட்டினியையும் கண்டு அவன் அழுகிறான். தண்ணீரையும் மறுக்கிறான். எச்சிலை விழுங்கவும் அவனுக்கு வலிக்கிறது.

இந்நோயை நேரே ஒழிக்கும் மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பவை, வைரஸை அழிக்கமாட்டா. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு முதல் பத்து நாள்களுள் நோய் தானே நீங்கிவிடும். அப்படியாயின் அஞ்ச வேண்டியது யாது? வலிக்கு அஞ்சிக் குழந்தை நீர் அருந்தாமல் இருப்பதே. காய்ச்சலால் உடல்நீர் குறைகிறது. அருந்தாமையால் அக்குறை நிரம்புவதில்லை. வீட்டார் செய்யத்தக்க மருத்துவத்தில் பெரும்பகுதி, அக்குழந்தையை நீர் அருந்தச் செய்வதே ஆகும்.

எவ்வளவு, எவ்வாறு?

20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 1500 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரை லிட்டர் நீர்மம் தேவை. புண்பட்ட வாயுள்ள சிறுவனிடம் ஒரு பெரிய குவளையை நீட்டினால் அவன் வாயை மூடிக்கொள்வான். 50 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கிண்ணம் ஒன்றை எடுத்து, அரைமணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் பருகச் செய்ய வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை 14 மணி நேரம், 28 முறை. 28 முறை 50 மில்லிலிட்டர் தந்தால் 1400 மில்லிலிட்டர் ஆகிறது. எஞ்சியதைக் கஞ்சியும் தயிரும் ஈடு செய்யும். கிண்ணத்தையும் மறுக்கும் குழந்தைக்குத் தேக்கரண்டியால் ஊட்டலாம்.

குளிர்ச்சி வலியைக் குறைக்கும். குளிர்ந்த பால், இளநீர், உப்பும் காரமும் சேர்க்காத மோர், ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, நன்கு குழைத்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. ஐஸ்கிரீமும் தரலாம். நீர்க்குறை தோன்றினால் ஓ.ஆர்.எஸ். கரைசல் தர வேண்டும். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கரைப்பது தீங்காகும்.

புளிப்பு, காரம், உப்பு, சூடு ஆகிய நான்கும் புண்ணை எரியச் செய்யும். ஆகவே, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு, புளிரசம் ஆகியவற்றைச் சில நாள் விலக்க வேண்டும். ஆவக்காய் ஊறுகாயும், நம் நகரத்து வீடுகளில் விரும்பி உண்ணப்படும் புளிச்சக்கீரைத் துவையலும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

மருத்துவர் எடைக்கேற்பக் குறித்துத் தரும் பாராசிட்டமால், காய்ச்சலையும் வாய்வலியையும் தணிக்கும். அதனைத் தந்து அரைமணி கழித்து உணவூட்டினால் குழந்தை சற்று எளிதாக உண்ணும். ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தரலாகாது.

அருந்திய நீர் போதுமா என்பதைச் சிறுநீரே காட்டும். எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை, அழும்போது கண்ணீர் வராமை, வாய் வறட்சி, மிகுந்த சோர்வு ஆகியவை நீர்க்குறையின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், இடைவிடாத வாந்தி, கழுத்து விறைப்பு, உறக்கத்தில் உடல் திடுக்கிட்டுத் துள்ளுதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவையும் அவ்வாறே. இந்நோயை உண்டாக்கும் வேறொரு வைரஸ், அரிதாக மூளையைத் தாக்குவதுண்டு.

வகுப்பறையில் பரவும் வழி

வைரஸ் உடலுள் புகுந்து மூன்று முதல் ஆறு நாள்களுக்குப் பின்னரே நோய் வெளிப்படும். ஆகவே, திங்களன்று காய்ச்சல் கண்ட சிறுவன், முந்தைய வாரமே அதனைப் பெற்றிருப்பான். நண்பனின் தண்ணீர்ப் புட்டியில் வாய்வைத்துக் குடித்திருக்கலாம். உணவு இடைவேளையில் ஒரே கரண்டியைப் பகிர்ந்திருக்கலாம். எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகிய நான்கிலும் இவ்வைரஸ் உண்டு.

சானிடைசரைத் தடவினால் போதும் என்று பலர் எண்ணுவர். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உண்டு. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அவ்வுறையைச் சிதைத்துவிடும். காக்சாக்கி வைரஸுக்கு அவ்வுறை இல்லை. ஆகவே, சானிடைசர் இதன்மீது அவ்வளவாகப் பயன் தராது. சோப்பிட்டு 20 நொடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால் வைரஸ் கையை விட்டு அகன்றுவிடும்.

எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லாதிருக்க வேண்டும்? 2022 ஆகஸ்டில் நடுவண் நலவாழ்வு அமைச்சகம், நோய் தொடங்கியதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் குழந்தையைத் தனித்திருக்கச் செய்யுமாறு அறிவுறுத்தியது. காய்ச்சல் நீங்கிக் கொப்புளங்கள் உலரும் வரை காத்திருத்தல் நன்று. மருந்தால் காய்ச்சலை அடக்கித் தேர்வுக்கு அனுப்பினால், குழந்தை நலமுற்றதுபோல் தோன்றும். ஆயினும் அருகில் அமரும் தோழர்க்கு நோய் செல்லும்.

பள்ளிக்குத் திரும்பிய பின்னரும் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். மலத்தில் இவ்வைரஸ் சில வாரங்கள் வரை வெளிப்படும். அத்தனை வாரமும் குழந்தையை வீட்டில் நிறுத்துதல் இயலாது, தேவையும் இல்லை. கழிவறை சென்று வந்தபின் சோப்பிட்டுக் கை கழுவுதலே அப்போது காவலாகும். மேற்சொன்ன வீட்டில், சிறுவனின் கிண்ணத்தையும் துவாலையையும் தங்கை தொடாதவாறு பிரித்து வைக்க வேண்டும். தங்கைக்கும் நோய் வந்துவிட்டால், அவளது அணையாடையை மாற்றியவர் ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும்.

சில வாரங்கள் கழித்துச் சிறுவனின் விரல்நகம் ஒன்றிரண்டு கழன்று விழலாம். வீட்டார் அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நோய்க்காலத்தில் நகத்தின் வளர்ச்சி சற்றே நின்றமையால் அவ்வாறு நேர்கிறது. பழைய நகத்தின் அடியில் புதிய நகம் வளர்ந்து வரும்.

சொற்பொருள்

நீர்மம் – நீர்போல் பாயும் பொருள்
நடுவண் – மத்திய
அணையாடை – குழந்தைக்குக் கட்டும் இடைத்துணி
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
துவாலை – துடைக்கும் துண்டு

வினாக்கள்

1. ‘தக்காளிக் காய்ச்சல்’ என்னும் பெயர் எதனால் வந்தது?
2. சின்னம்மையையும் கை, கால், வாய் நோயையும் எவ்வாறு பிரித்தறியலாம்?
3. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, அரைமணிக்கு ஒருமுறை 40 மில்லிலிட்டர் வீதம் 24 முறை பருகிய குழந்தை மொத்தம் எவ்வளவு பருகியிருக்கும்?
4. காய்ச்சல் நீங்கிப் பள்ளிக்குத் திரும்பிய மாணவன், கழிவறை சென்று வந்தபின் கை கழுவுவது ஏன் இன்றியமையாதது?
5. பிரித்து எழுதுக: வாய்ப்புண், விரல்நகம், கொழுப்புறை.
6. உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் இந்நோயால் விடுப்பில் உள்ளான். அவன் என்னென்ன உண்ணலாம், எவற்றை விலக்க வேண்டும் என்பதைத் தெரிவித்து, அவனுக்கு ஒரு மடல் எழுதுக.