பெர்மிட் போய்விடும் என்ற பயம்

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஐ.பி.ஏ. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. கைக்கு வருவது 600. கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்று 18 மாதமாகப் பேசாமல் இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: இந்த மாதமே புகார் கொடுங்கள். வேலையில் இருப்பவர் புகார் செய்யும் நாளுக்கு முந்தைய ஓராண்டுப் பாக்கியைத்தான் கோர முடியும். 18 மாதத்தில் உங்களுக்குக் குறைந்தது 3,600 வெள்ளி. இன்று கோரக்கூடியது 2,400 மட்டுமே. மௌனம் 1,200 வெள்ளியை விழுங்கிவிட்டது.

உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமல், கடிதத்திலுள்ள சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. அதனால் வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத வவுச்சரிலோ கையெழுத்திடாதீர்கள். ஐ.பி.ஏ. கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை நேர அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து ஊரிலுள்ள வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.

புகாரை டி.ஏ.டி.எம். அமைப்பிடம் கொடுக்க வேண்டும். முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் வழக்கு வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகும்.

முதலாளி பெர்மிட்டை ரத்து செய்தாலும் புகார் சாகாது. விசாரணைக்காகத் தங்க, அமைச்சு சிறப்பு அனுமதிச் சீட்டு வழங்கும். நியாயமான சம்பளப் புகார் உள்ளவர்களை வேறு முதலாளியிடம் மாற அனுமதிப்பதும் உண்டு. இடையில் வருமானம் நிற்கலாம். அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவையுங்கள்.

விமானம் ஏறச் சொன்னால், புகார் பதியாமல் ஏறாதீர்கள்.