காதல் கடிதம்: எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா?

ஓசூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், தான் எழுதிய கடிதத்தின் வரைவை அனுப்பிக் கேட்டிருந்தார்: "சார், இதைப் படிச்சா நான் எழுதின மாதிரியே இல்ல. பேசுற மாதிரி மாத்தினா விளையாட்டுக்குச் சொல்ற மாதிரி ஆயிடுது. என்ன பண்றது?" நெடுநாள் பேசிப் பழகிய பெண்ணிடம் முதன்முறையாகத் திருமணப் பேச்சை எடுக்கிற கடிதம் அது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "அன்பிற்கினியவளே, உன்னைக் கண்ட நாள்முதல் என் உள்ளம் உன்னையே நாடுகிறது. நீயின்றி நானில்லை என்பதை இக்கடிதம் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்."

இதில் எழுத்துத் தமிழின்மேல் பழி போட வேண்டாம். "வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது விடுப்பு விண்ணப்பத்தின் நடை. "உள்ளம் நாடுகிறது" மேடையில் பேசுகிற நடை. இரண்டையும் நாம் பள்ளியில் பழகியதால், பேனாவை எடுத்ததும் தாமாக வந்து விழுகின்றன. தினமும் போனில் "சாப்ட்டியா?" என்று கேட்கிறவன் திடீரென்று இப்படி எழுதினால், அந்தப் பெண்ணுக்கு யாரோ எழுதிக் கொடுத்ததுபோல்தான் தோன்றும்.

இரண்டாவது வரைவு: "ஒன்ன பாக்காம இருக்க முடியல. எப்பவும் ஒன் நெனப்புதான்." பொய்யில்லை. ஆனால் இது அவர் ஏற்கெனவே வாட்ஸாப்பில் பலமுறை அனுப்பியதுதான். கல்யாணப் பேச்சின் கனம் இதில் ஏறவில்லை.

வழி நம் கதைகளிலேயே இருக்கிறது. தி. ஜானகிராமனை எடுத்துப் பாருங்கள். நடந்ததைச் சொல்லும்போது எழுத்துத் தமிழ். பாத்திரம் வாயைத் திறந்தால் பேச்சுத் தமிழ். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தும் நமக்கு உறுத்துவதில்லை, ஏனென்றால் எது யார் குரல் என்பது தெளிவாக இருக்கிறது. கடிதத்துக்கும் இதையே செய்யலாம். நடந்ததையும் முடிவெடுத்ததையும் எளிய எழுத்துத் தமிழில் சொல்லுங்கள். அவளை நேராகப் பார்த்துக் கேட்கிற வாக்கியத்தைப் பேச்சில் எழுதுங்கள்.

அப்படித் திருத்தியபின் வந்தது இது: "உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மறுநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. 'அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளு' என்றார். அதனால்தான் எழுதுகிறேன். நீ என்ன சொல்ற?"

கடைசி வாக்கியத்தை "நீ என்ன சொல்கிறாய்?" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், ஆள் விலகிப்போய்விடுகிறார். "சொல்லிவிட்டேன்" என்பதைச் "சொல்லிட்டேன்" ஆக்கினால், அப்பாவிடம் பேசிய பெரிய காரியம் போகிறபோக்கில் சொன்னதாகிவிடுகிறது.

நடை மாறுவது வாக்கியம் முடிந்த இடத்தில்தான் நிகழ வேண்டும். "உன்னைப் பாத்தேன், அப்போது நீ சிரிச்சுக்கொண்டிருந்தாய்" என்று ஒரே வாக்கியத்துக்குள் கலந்தால், எழுதத் தெரியாதவர் எழுதியதுபோல் ஆகிவிடும்.

பேச்சை எழுத்தில் இறக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்டாள், கேட்டால் இரண்டுமே பேச்சில் "கேட்டா"தான். "அக்கா கேட்டா, சொல்லலாம்னு இருந்தேன்" என்று எழுதினால், அக்கா கேட்டே விட்டாளா, கேட்டால் சொல்வதாக இருந்தானா? வாயால் சொன்னால் குரல் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கும். தாளில் அது இல்லை. எனவே வீட்டார், தேதி, சம்மதம் போன்றவற்றை எழுத்துத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பை அப்படியே பிடிக்கிறேன் என்று "ஒன்ன", "நெனப்பு" என்றெல்லாம் எழுதவும் வேண்டாம். "உன்னை", "நினைப்பு" என்றே எழுதுங்கள், அவள் உங்கள் குரலில்தான் படித்துக்கொள்வாள். பேச்சின் நெருக்கம் வினைமுற்றிலும், "தானே", "இல்ல?" போன்ற சின்னச் சொற்களிலும்தான் இருக்கிறது. அவை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக்காரர் "வாறன்" என்பதைச் சினிமாத் தமிழுக்காக "வர்றேன்" ஆக்கினால் அது கடன் வாங்கிய குரல்.

இந்த ஆலோசனை ஏற்கெனவே பேசிப் பழகியவர்களுக்குத்தான். இன்னும் பேசியே இராதவருக்கு எழுதுவதானால் பேச்சுத் தமிழ் வேண்டாம். இல்லாத நெருக்கத்தை உரிமையாக எடுத்துக்கொண்டதாகிவிடும். "நீங்கள்" போட்டு, சிறு வாக்கியங்களில், முழுவதும் எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு வாய்விட்டுப் படியுங்கள். "-கிறேன்" என்று முடியும் இடத்தில் நாக்கு தானாக "-றேன்" என்று சொல்லப் பார்த்தால், அங்கே நீங்கள் அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.