படத்தில் விலை இல்லை, விலாசம் இருக்கிறது

ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுவது, முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரின் படம். போனில் அதையே தேடினால் ஒரே உடல், ஒரே மூடி, ஆனால் ஐந்தாறு பெயர்களிலும் ஐந்தாறு விலைகளிலும் வரும். இறக்குமதியாளரிடம் மலிவா, தேனி மொத்தக்கடையிலா, ஆன்லைனிலா? மிஷினின் படம் இதைச் சொல்லாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளின் படம் ஓரளவு சொல்லும். அதனால் முதலில் கேட்க வேண்டியது அந்தப் படத்தைத்தான்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்ட அளவியல் விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, வந்த நாடு, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இதில் கடைசியாக உள்ள விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தாண்டக்கூடாத உச்சவரம்பு மட்டுமே. அதை உயர்த்தி அச்சடித்துவிட்டு ‘பாதி விலை’ என்று விற்பது சாதாரணம்.

உபயோகமானது பெயர். ஆன்லைன் பக்கத்தில் ‘விற்பவர்’ என்று போட்டிருக்கும் பெயரையும் லேபிளில் உள்ள இறக்குமதியாளர் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் இடையில் கைமாறவில்லை. அந்த விலையை மொத்தக்கடை தோற்கடிப்பது கஷ்டம். வேறு வேறு என்றால், ஆன்லைன்காரரும் உங்களைப் போல எங்கோ வாங்கியவர்தான். அவருடைய லாபத்தோடு தளத்தின் கமிஷனும் கூரியர் கூலியும் உங்கள் தலையில் விழும். அங்கே மொத்தக்கடைக்கு வாய்ப்பு இருக்கிறது.

கூரியர் கணக்கையும் படத்திலிருந்தே போடலாம். பெட்டி 40 × 25 × 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 55,000. கூரியர்காரர்கள் வழக்கமாக அதை 5,000-ஆல் வகுப்பார்கள், 11 கிலோ. ஸ்பிரேயர் ஆறே கிலோ இருந்தாலும் கூலி பதினொன்றுக்குத்தான். உள்ளே பெரும்பகுதி காற்று. மலைக்கு இப்படிக் காற்றை ஏற்றி அனுப்ப யாரும் இலவசமாக முன்வரமாட்டார்கள். ‘இலவச டெலிவரி’ என்றால் அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது. மொத்தக்கடைக்கோ இதே பெட்டி லாரி லோடில் மற்ற சரக்கோடு வந்து இறங்குகிறது. நாசில், வாஷர், சின்ன மோட்டார் போன்ற கையடக்கச் சாமான்களில் இந்த அனுகூலம் கடைக்குக் கிடையாது. அவற்றில் ஆன்லைனே பெரும்பாலும் ஜெயிக்கும்.

இறக்குமதியாளரிடம் நேராகப் போகலாமே என்பார்கள். அதே அளவுப் பெட்டி 20 அடி கன்டெய்னரில் ஏறக்குறைய 500 கொள்ளும். அவருடைய மலிவு விலை அந்த எண்ணிக்கைக்கானது. ஒன்று கேட்டால் ஒன்றின் விலைதான் சொல்வார், அதுவும் சொன்னால்.

இனி, ‘ஒரே பொருள்’ என்று போன் அடையாளம் காட்டியதை நம்பலாமா? இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். இந்த உடலுக்குள் 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர் பேட்டரியும் வரும், 12 ஆம்பியர்-அவர் பேட்டரியும் வரும். வெளியே வித்தியாசம் தெரியாது. அடிமூடியைக் கழற்றி, பேட்டரியோடு ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஈய-அமில வகையில் இரண்டுக்கும் நீளமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே, தடிமன்தான் வேறு. 8 என்றால் சுமார் 65 மி.மீ., 12 என்றால் சுமார் 98 மி.மீ. ஸ்டிக்கரில் 12 என்று ஒட்டி, ஸ்கேல் 65 காட்டினால், விலை குறைந்த காரணம் தெரிந்துவிட்டது. படம் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்.

அடுத்தது மாதம். பெட்டியில் இருக்க வேண்டிய மற்ற விவரங்களை ஆன்லைன் பக்கமும் காட்ட வேண்டும். தயாரித்த, பொட்டலமிட்ட மாதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏற்றாமல் பல மாதம் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். ஒன்றரை வருடம் கிடங்கில் கிடந்த மிஷின் முந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், புது பேட்டரிக்கு அதைவிடக் கூடுதலாக ஆகும். கடையில் அந்த மாதத்தைக் கண்ணால் படித்துவிட்டு வாங்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. ஆன்லைனில் 2,600 ரூபாய், விற்பவர் பெயரும் இறக்குமதியாளர் பெயரும் வேறு. பேட்டரியின் தடிமன் 65. தேனி மொத்தக்கடையில் 2,750, தடிமன் 98, மாதம் சமீபம். இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதால் 150 ரூபாய் வித்தியாசத்தைப் பேசவே வேண்டாம், கடைதான் மலிவு. அதே ஆன்லைன் பெட்டியில் பெயர்கள் ஒத்து, தடிமனும் 98 என்றால், ஆனைக்கரையிலிருந்து ஒரு மிஷினுக்காக மட்டும் குமுளி இறங்கிப் போய்வரும் செலவே அந்த 150-ஐத் தாண்டிவிடும். ஆன்லைனில் வாங்கலாம், மாதத்தை மட்டும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து பத்து எடுப்பதானால் இரண்டு விலையையும் மறந்துவிட்டு, லேபிளில் உள்ள இறக்குமதியாளரின் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். அவர் தர மறுத்தாலும் இந்தப் பக்கத்து மொத்த வியாபாரி யார் என்று சொல்லிவிடுவார்.