கோயில் நன்கொடைக் கல்வெட்டு: மனத்தாங்கல் வராத வாசகங்கள்

1. கல்வெட்டில் தொகை போடாதீர்கள். 50,000 ரூபாய்க்குக் கீழே 500 ரூபாய் என்று பொறித்தால், தன் ஒருநாள் கூலியைக் கொடுத்தவர் காலமெல்லாம் அதைப் பார்த்துக் கூச வேண்டியிருக்கும். கணக்கு ரசீதிலும், அச்சடித்துக் கொடுக்கும் வரவு செலவு நோட்டீசிலும் பைசா சுத்தமாக இருக்கட்டும்.

2. தலைப்பு ஒன்றே ஒன்று போதும்: "குடமுழுக்குத் திருப்பணிக்குக் கொடுத்தவர்கள்". "பெரும் நன்கொடையாளர்கள்", "இதர உபயதாரர்கள்" என்று பிரித்தாலே வரிசை வந்துவிடும். "மற்றும் பலர்" வேண்டவே வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், தான் கொடுத்ததோடு அக்காவும் மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் சேர்த்தே விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னான்.

3. பெயர்களை அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். இனிஷியலைப் பார்க்காமல் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள்; "மு. செல்வி" சகர வரிசையில்தான் வருவார். அடியில் "பெயர்கள் அகர வரிசையில்" என்று ஒரு வரி பொறித்துவிட்டால், "என் பெயர் ஏன் கீழே?" என்ற கேள்வியே எழாது. பட்டம், பதவி, "உயர்திரு" எல்லாவற்றையும் எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் விட்டுவைத்தால் அங்கேதான் சண்டை தொடங்கும்.

4. பணமாகக் கொடுக்காதவர்களும் அதே பட்டியலில்தான் வர வேண்டும். மணல் அடித்த வண்டிக்காரர், கூலி வாங்காமல் சாரம் கட்டியவர், அன்னதானத்துக்குச் சமைத்த பெண்கள் எல்லோரையும் தனித்தனிப் பெயரோடு எழுதுங்கள். "மகளிர் குழுவினர்" என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமில்லை. தலைப்பின் கீழ் இப்படி ஒரு வரி சேர்க்கலாம்: "பொருளாலும் உழைப்பாலும் இப்பணியை நிறைவேற்றியவர்கள்." கடைசி வரியாக: "உண்டியலில் காணிக்கை செலுத்தியோரும், பெயர் வேண்டாம் என்ற அன்பர்களும்."

5. இறந்தவர் நினைவாகத் தந்தால், அவர் பெயரே முதலில் வரட்டும். அகர வரிசைக்கும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "அமரர் இராமாயி நினைவாக, மக்கள்" என்பது அழகான வாசகம். "மகன்கள்" என்று எழுதிக் கொண்டுவந்தால், மகள்கள் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்ணும் பங்கு போட்டிருப்பாள். பெயர் மட்டும் விடுபட்டிருக்கும்.

6. கிரானைட்டில் வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது. பலகையையே மாற்ற வேண்டும். ஆகவே முழுப் பட்டியலையும் தாளில் எழுதி ஒரு வாரம் கோயில் வாசலில் ஒட்டுங்கள். "இராஜா"வா, "ராஜா"வா என்பதை அவரவரே பார்த்துத் திருத்தட்டும். விடுபட்டவர்கள் பிறகும் வருவார்கள். கல்லின் அடியில் நாலைந்து வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று வாசித்துக் காட்டிய பிறகே கல் வெட்டுபவரிடம் தாளைக் கொடுங்கள்.